படத்தைப் பார்த்துக் குழாய் ஃபிட்டிங்கை அடையாளம் காணுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கசிகிற எல்போவைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அதை வைத்தே எதை வாங்குவது என்று சொல்லிவிட முடியுமா?

பாதியைச் சொல்லிவிடலாம். பசை வழிந்த தடம், உருக்கி ஒட்டும் உலோகமான பற்றாசின் வெள்ளிக் கோடு, நட்டின் அறுகோணம், ஃபிட்டிங்கை நெரித்துப் பொருத்தும் பிரஸ் கருவி பதித்த வடு ஆகியவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள் என்பதால், இணைப்பு எந்த வகை என்பதைத் தெளிவான ஒரே படம்கூடப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அளவு அப்படியல்ல. பொருந்துகிற ஃபிட்டிங்குக்கும் பொருந்தாத ஃபிட்டிங்குக்கும் உள்ள வேறுபாடு பல நேரங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த நுட்பம் கைப்பேசிப் படத்தில் தங்காது. எனவே வகையைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அளவைக் கையால் அளந்த எண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தவறான பொருளை வாங்கி வந்தவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒரே படத்திடம் கேட்டவர்கள்தான்.

அப்படியானால் என்னென்ன படங்கள் எடுக்க வேண்டும்?

மூன்று போதும். முதலாவது, குழாய் ஃபிட்டிங்குக்குள் நுழைகிற விளிம்பை நெருக்கத்தில் காட்டும் படம். பெரும்பாலானோர் எல்போவின் வளைவை நடுவில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். வளைவு எதையும் சொல்லாது, விளிம்புதான் பேசும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் உள்ள மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து தெரியும்.

இரண்டாவது, ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுக்கும் படம். குழாய் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அடுத்த கிளிப்போ அடுத்த வளைவோ எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது இதில் தெரியவேண்டும். வெட்டியெடுத்த பிறகு புதியதைப் பொருத்த நேரான குழாய் மிஞ்சுமா என்று கணிக்க இது தேவைப்படும்.

மூன்றாவது, குழாயின் மேல் அச்சிட்ட எழுத்துகளின் படம். இது கிடைத்துவிட்டால் மற்ற ஐயங்களில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அச்சு குழாயின் நீளத்தில் திரும்பத் திரும்ப வருவதால், முன்பக்கம் அழிந்திருந்தாலோ பெயிண்ட் மூடியிருந்தாலோ சுவரைப் பார்த்த பக்கத்திலும் கூரைக்கு அருகிலும் தேடிப் பாருங்கள். ஈரத்துணியால் மெல்லத் துடையுங்கள். கரைப்பான் கொண்டு துடைத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துத்தான் படம் எடுத்தேன். அப்படியும் அளவு ஏன் தப்பிவிட்டது?

ஸ்கேல் குழாய்க்குப் பக்கத்தில் இருந்திருக்காது, பின்னால் இருந்திருக்கும். கேமராவுக்கு அருகில் இருக்கும் பொருள் பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் பதிவாகும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியே கணக்கைக் குலைத்துவிடும் என்பதை எதிர்பார்ப்பதில்லை. 22 மி.மீ. குழாயை மேசைமேல் கிடத்தி, ஸ்கேலையும் மேசையில் வைத்து, 20 செ.மீ. உயரத்திலிருந்து படம் எடுப்பதாகக் கொள்வோம். குழாயின் நடு அச்சு மேசையிலிருந்து 11 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, அதாவது கேமராவிலிருந்து ஸ்கேல் 200 மி.மீ. தொலைவிலும் குழாய் 189 மி.மீ. தொலைவிலும் உள்ளன. படத்தில் ஸ்கேலோடு ஒப்பிட்டுப் படித்தால் 22 × 200 ÷ 189, அதாவது 23.3 மி.மீ. என்று வரும். அப்படி ஓர் அளவில் குழாயே கிடையாது என்பதால், அருகிலுள்ள ஏதோ ஓர் அளவை ஊகித்து வாங்கிவிடுவோம்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஸ்கேலை அட்டைத்துண்டுகளின் மேல் ஏற்றி, குழாயின் நடு உயரத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. கைப்பேசியை ஒரு மீட்டர் பின்னால் நகர்த்தி ஜூம் செய்து எடுப்பது மற்றொன்று. அப்போது அதே 11 மி.மீ. வேறுபாடு ஒரு விழுக்காடு அளவுக்குச் சுருங்கி, 22 என்பது 22.2 எனத் தெரியும். அகலக்கோண லென்ஸைத் தவிர்க்கவேண்டும், பொருளைச் சட்டத்தின் ஓரத்தில் வைக்கக்கூடாது. ஓரத்தில் எல்லாமே இழுபட்டுத் தெரியும். நாணயத்தை வைத்து எடுப்பதிலும் இதே சிக்கல்தான், கூடவே அது சாய்ந்திருந்தால் நீள்வட்டமாகிவிடும். இவ்வளவு கவனமாக எடுத்தாலும் 22 மி.மீ. குழாயையும் 22.2 மி.மீ. குழாயையும் படத்தில் பிரித்தறிய முடியாது. என் கருத்தில், ஸ்கேல் படம் ஓர் எல்லைக்குள் நம்மைக் கொண்டுபோய் நிறுத்த மட்டுமே உதவும்.

வெர்னியர் காலிப்பர் என்னிடம் இல்லை. குழாயும் சுவரோடு ஒட்டியிருக்கிறது. சரியான அளவை எப்படி எடுப்பது?

காகிதப் பட்டை போதும். அச்சுத்தாளிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நேரான பட்டை ஒன்றை வெட்டி, குழாயைச் சுற்றி இறுக்கமாகக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் கூர்மையான பென்சிலால் இரு மடிப்பையும் தொடுமாறு கோடு போடுங்கள். பட்டையை விரித்து இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுத்தால் குழாயின் வெளிவிட்டம் கிடைக்கும். பட்டை தட்டையானது என்பதால் அதை ஸ்கேல்மேல் வைத்துப் படம் எடுத்தால் முன் சொன்ன பிழையும் வராது.

இதன் சிறப்பு, விட்டத்தில் உள்ள வேறுபாட்டை இது மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாக்கிக் காட்டுவதுதான். 15 மி.மீ. குழாயின் சுற்றளவு 47 மி.மீ.; 15.9 மி.மீ. குழாயின் சுற்றளவு ஏறக்குறைய 50 மி.மீ. சாதாரணப் பள்ளி ஸ்கேலிலேயே மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தயங்காமல் படிக்கலாம். அதுபோலவே 20 மி.மீ. என்றால் 63, 21.3 மி.மீ. என்றால் 67, 25 என்றால் 78.5, 26.7 என்றால் 84.

இந்த முறை தோற்கிற இடமும் ஒன்று உண்டு. 22 மி.மீ. குழாய்க்கு 69.1, 22.2 மி.மீ. குழாய்க்கு 69.8, இந்த வேறுபாட்டைக் காகிதம் உறுதியாகச் சொல்லாது. அப்போது அதே இணைப்பிலிருந்து பிரிந்து போகிற சிறிய குழாயைத் தேடிப்பிடித்து அதைச் சுற்றி அளப்பது என் வழக்கம். சிறியது 47 காட்டினால் அது மில்லிமீட்டர் வரிசை, 50 காட்டினால் அங்குல வரிசை. ஒரே நேரத்தில் போட்ட குழாய்கள் என்றால் பெரியதும் அதே வரிசையாகத்தான் இருக்கும். பெயிண்ட் பூசிய குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே அளக்கவேண்டும். இரண்டு மூன்று பூச்சுகள் சேர்ந்தால் சுற்றளவில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூட்டிவிடும்.

அளந்தால் 22 மி.மீ. வருகிறது, எல்லாரும் அதை ‘முக்கால்’ என்கிறார்கள். முக்கால் அங்குலம் என்றால் 19 மி.மீ. அல்லவா?

‘முக்கால்’ என்பது பெயர், அளவு அல்ல. அந்தப் பெயர் வெவ்வேறு குழாய் வரிசைகளில் வெவ்வேறு வெளிவிட்டத்தைக் குறிக்கிறது, ஃபிட்டிங் பொருந்துவதோ வெளிவிட்டத்தோடு.

அமெரிக்க அங்குல வரிசையில் வரும் செப்புக் குழாயின் வெளிவிட்டம், பெயரைவிட எப்போதும் எட்டில் ஓர் அங்குலம் கூடுதல். ஆகவே அரை அங்குலக் குழாய் 15.9 மி.மீ., முக்கால் 22.2 மி.மீ., ஒரு அங்குலம் 28.6 மி.மீ. வெந்நீருக்குப் போடும் சிபிவிசி குழாய்களில் ஒரு பெரும்பிரிவு இதே செப்பு அளவுகளைப் பின்பற்றுகிறது. ஐரோப்பிய மில்லிமீட்டர் செப்புக் குழாயோ வெளிவிட்டத்தையே பெயராகக் கொண்டது: 15, 22, 28. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வரிசைகளும் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும்; ஆனால் ஒன்றின் ஃபிட்டிங் மற்றதற்கு ஆகாது.

இரும்புக் குழாயின் அளவைப் பின்பற்றும் பிவிசி குழாய்கள் இன்னொரு குடும்பம். அங்கே அரை அங்குலம் என்பது 21.3 மி.மீ., முக்கால் என்பது 26.7 மி.மீ., ஒரு அங்குலம் என்பது 33.4 மி.மீ. அதாவது இந்தக் குடும்பத்தின் ‘அரை’ ஏறத்தாழ அந்தக் குடும்பத்தின் ‘முக்கால்’ பருமனில் இருக்கிறது. மில்லிமீட்டர் அளவில் வரும் யூபிவிசியும், பிபிஆர் குழாய்களும் 20, 25, 32 என்று வெளிவிட்டத்தாலேயே அழைக்கப்படுகின்றன. எனவே கடையில் ‘முக்கால் எல்போ’ என்று மட்டும் கேட்பவருக்கு மூன்று வெவ்வேறு பொருள்களில் ஏதாவது ஒன்று கைக்கு வரும். வெளிவிட்டத்தையும் பொருளின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டு.

ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் அழுத்திப் பொருத்திவிட முடியாதா?

முடியாது, முடிவது போலத் தோன்றினால் இன்னும் ஆபத்து. பற்றாசு உருகிக் குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் இடையே தானாக இழுபட்டுப் போக, அங்கே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போன்ற மெல்லிய இடைவெளியே இருக்கவேண்டும். 15 மி.மீ. குழாயை 15.9 மி.மீ. ஃபிட்டிங்கில் செருகினால் அந்த இடைவெளி பல மடங்காகி, பற்றாசு உள்ளே போகாமல் கீழே சொட்டும். நட்டால் இறுக்கும் வகையில் நிலைமை மோசம்: நட்டுக்குள் நசுங்கிக் குழாயைக் கவ்வும் ஆலிவ் வளையம் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும், சோதனையில் கசியாது, பிறகு வெந்நீரால் குழாய் நீண்டு சுருங்கும்போது வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

பிளாஸ்டிக் குழாய் வெள்ளையா, கிரீமா, பச்சையா என்று பார்த்து வகையைச் சொல்லலாமா?

நிறம் ஒரு துப்பு மட்டுமே. கிரீம் நிறம் சிபிவிசியையும் பச்சை பிபிஆரையும் நினைவூட்டுவது உண்மைதான், ஆனால் வெள்ளை பிபிஆரும் கிடைக்கிறது, வெயிலில் பழுத்த வெள்ளைப் பிவிசி கிரீமாகிவிடுகிறது, கைப்பேசியோ மஞ்சள் விளக்கில் எல்லாவற்றையும் கிரீமாக்கிவிடுகிறது. நான் முதலில் பார்ப்பது விளிம்பை.

சால்வென்ட் சிமெண்டால் ஒட்டிய இணைப்பில், ஃபிட்டிங்கின் வாயைச் சுற்றிப் பளபளப்பான மெல்லிய படலமோ, உலர்ந்து நின்ற ஒரு துளியோ இருக்கும். குழாயும் ஃபிட்டிங்கும் அவற்றின் உருவத்தை இழந்திருக்காது. இது பிவிசி அல்லது சிபிவிசி. பிபிஆரில் வேறு காட்சி: குழாயையும் ஃபிட்டிங்கையும் ஏறக்குறைய 260 பாகை செல்சியஸில் சூடாக்கி ஒன்றில் ஒன்றைச் செருகுவதால், உருகிய பிளாஸ்டிக் வாயருகே உருண்டு திரண்டு ஒரு மோதிரம் போல நிற்கும். அந்த மோதிரத்தை ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் பிறகு எந்தப் படத்திலும் தப்பாது. ஃபிட்டிங்கின் முனையில் விரல்நுனியால் திருகக்கூடிய வரிப்பள்ளமுள்ள பெரிய பிளாஸ்டிக் நட்டு இருந்தால், அது பெரும்பாலும் பாலிஎத்திலீன் குழாயைக் கவ்விப் பிடிக்கும் வகை.

இன்னும் ஐயம் இருந்து, வெட்டிய சிறு துண்டு கையில் இருந்தால், அதைத் தண்ணீரில் போடுங்கள். பிவிசியும் சிபிவிசியும் மூழ்கும். பாலிஎத்திலீனும் பிபிஆரும் மிதக்கும். துண்டில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் உதறிவிட்டுப் பார்க்கவேண்டும். மிதக்கிற எந்தக் குழாயையும் சால்வென்ட் சிமெண்டால் ஒட்ட முடியாது என்பதையும் இதே சோதனை சொல்லிவிடுகிறது. பூசினால் காய்ந்தபின் தோலாக உரிந்து வரும்.

உட்புறமாகச் செருகும் முள்வரிக் குழல்மீது குழாயை ஏற்றி, வெளியே உலோக வளையத்தால் நெரிக்கும் வகையில் மட்டும் வெளிவிட்டம் போதாது. அங்கே ஃபிட்டிங் குழாயின் உள்ளே உட்காருவதால் குழாய்ச் சுவரின் கனமும் தெரியவேண்டும். குழாயில் அச்சிட்ட இரண்டு எண்களையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

செப்புக் குழாய் இணைப்புகளில் எது பற்றாசு, எது பிரஸ், எது நட்டு என்று படத்தில் எப்படிப் பிரிப்பது?

நட்டு வகை எளிது. குழாய் வழுவழுப்பாக வந்து ஓர் அறுகோண நட்டுக்குள் நுழைந்து மறைகிறது, குழாயில் திருகுவரியான மரை எதுவும் இல்லை என்றால், அந்த நட்டுக்குள் ஆலிவ் எனப்படும் வளையம் இருக்கிறது. நட்டுக்கு அருகில் குழாயில் மரை தெரிந்தால் அது வேறு கதை, இரும்புக் குழாயாகவோ மரை அடாப்டராகவோ இருக்கும். பழைய உடலில் புதிய நட்டைத் திருகிவிடலாம் என்று எண்ணாதீர்கள். குழாய் அளவு ஒன்றாக இருந்தாலும் நட்டின் மரை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதுண்டு.

பற்றாசு வைத்த இணைப்பில் வாயைச் சுற்றி வெள்ளி நிறக் கோடு ஒன்று தெரியும். செம்பு கருத்துப்போன பிறகும் அந்தக் கோடு சாம்பல் நிறத்தில் தனித்துத் தெரியும். இதிலும் இரண்டு உட்பிரிவுகள் உள்ளன: உடல் முழுவதும் வழுவழுப்பாக இருந்தால் பற்றாசை வெளியிலிருந்து ஊட்டும் வகை, வாயிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு மேட்டு வளையம் ஓடினால், அந்த மேட்டுக்குள்ளேயே பற்றாசை வைத்துத் தயாரித்த வகை. குழாய் அளவு ஒன்றாக இருக்கும்வரை எதற்குப் பதில் எதை வாங்கினாலும் பொருந்தும் என்பதால், இந்த உட்பிரிவில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குழப்பம் வருவது பிரஸ் வகையில்தான். அதிலும் வாயருகே ஒரு மேட்டு வளையம் இருக்கிறது. ஆனால் அதனுள் இருப்பது பற்றாசு அல்ல, ரப்பர் ஓ-ரிங். பொருத்திய இணைப்பு என்றால் பிரஸ் கருவியின் தாடைகள் மேட்டின்மீதோ அதன் ஓரத்திலோ அழுத்திய தட்டையான முகங்கள் தெரியும், வெள்ளிக் கோடு இருக்காது. பொருத்தாத ஃபிட்டிங் என்றால் வாயை நேராகக் கேமராவுக்குக் காட்டி ஒரு படம் எடுங்கள்: பள்ளத்தில் கருப்பாகவோ வேறு நிறத்திலோ ரப்பர் தெரிந்தால் பிரஸ், ஈயம் போன்ற சாம்பல் பளபளப்பு தெரிந்தால் பற்றாசு. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்கிவந்த பிரஸ் ஃபிட்டிங்கைச் சுடரில் காட்டி ரப்பரை எரித்தவர்கள் உண்டு. ஆரம்ப காலத்தில் நானும் ஒருமுறை அதைச் செய்தேன். நாற்றம் வந்த பிறகே புரிந்தது.

தள்ளிப் பொருத்தும் வகையில் வாயின் விளிம்பில் சற்றே அசையக்கூடிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும். அதை உள்ளே அழுத்தியபடி குழாயை இழுத்தால் கழன்றுவிடும்.

தண்ணீரைத் திறந்து மூடும் திருகியின் மரையை அளந்தால் 21 மி.மீ. வருகிறது. இதை எந்த அளவு என்று கேட்டு வாங்குவது?

அரை அங்குல மரை. குழாய் மரைகளின் பெயர் பழைய இரும்புக் குழாயின் உள்துளையிலிருந்து வந்தது, வெளியே ஸ்கேல் வைத்தால் அந்த எண் எங்கும் கிடைக்காது. பிரிட்டிஷ் குழாய் மரையில் அரை அங்குலத்தின் வெளிவிட்டம் 20.96 மி.மீ., முக்கால் 26.44 மி.மீ., ஒரு அங்குலம் 33.25 மி.மீ. 21 மி.மீ. என்று அளந்துவிட்டு அதை முக்கால் அங்குலத்தோடு, அதாவது 19 மி.மீ. என்பதோடு, சேர்த்துவிடுவதுதான் வழக்கமான தவறு.

படத்தில் மரையை உறுதிசெய்ய, திருகியைக் கழற்றி, மரை பக்கவாட்டில் தெரியுமாறு ஸ்கேலோடு சம உயரத்தில் வைத்து எடுத்து, 12.7 மி.மீ. நீளத்தில் எத்தனை முகடுகள் என்று எண்ணுங்கள். அரைக்கும் முக்காலுக்கும் ஏழு வரும். ஒரு அங்குல மரையில் ஐந்தரை வரும். அமெரிக்க மரையிலும் அரைக்கும் முக்காலுக்கும் இதே ஏழுதான் என்பதால், இவ்விரண்டு அளவுகளில் எண்ணிக்கை மட்டும் எந்தத் தரம் என்று சொல்லாது. அவை இரண்டும் சில சுற்றுகள் ஒன்றில் ஒன்று ஏறிக்கொள்ளும், பிறகு இறுகிவிடும், முகட்டின் கோணம் 55 பாகைக்கும் 60 பாகைக்கும் வேறுபடுவதால் கசியும். கையால் மூன்று சுற்றுக்குள் கெட்டிப்பட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் விசாரியுங்கள்.

டீ ஃபிட்டிங்கில் மூன்று வாய்கள் மூன்று அளவில் இருக்கின்றன. எந்த வரிசையில் சொல்லவேண்டும்?

நேராகச் செல்லும் இரண்டு வாய்களை முதலில் சொல்லுங்கள், அவற்றிலும் பெரியதை முன்னால். குறுக்கே பிரியும் வாயை இறுதியில் சொல்லுங்கள். 22 × 15 × 15 என்றால் நேர்ப்பாதை 22 மி.மீட்டரில் நுழைந்து 15 ஆகக் குறைகிறது, கிளையும் 15. அதையே 22 × 22 × 15 என்றால் நேர்ப்பாதை குறைவதில்லை. படத்தை அனுப்பும்போது மூன்று வாய்களின் அருகிலும் அளவை எழுதிவிட்டால் வரிசையைப் பற்றிய கவலையே வேண்டாம்.

ஒரு படத்திலிருந்து தொடங்கி வாங்குவதுவரை முழுவதையும் காட்ட முடியுமா?

எனக்கு வந்த ஒன்றையே சொல்கிறேன். குளியலறைச் சுவரின் முன்னால் கிரீம் நிறக் குழாய் ஒன்று இறங்கி, ஓர் எல்போவில் திரும்பி, அங்கே தண்ணீர்த் திருகி ஒன்று மாட்டியிருந்தது. எல்போவில் மயிரிழை விரிசல். அனுப்பியவர் ஸ்கேலைச் சுவரில் ஒட்டிவைத்து 20 செ.மீ. தொலைவிலிருந்து படம் எடுத்து, ‘25 மி.மீ. எல்போ வாங்கப் போகிறேன், சரிதானே?’ என்று கேட்டிருந்தார்.

ஸ்கேலில் படித்தால் 25-ஐச் சற்றே தாண்டித்தான் வந்தது. ஆனால் குழாய் கிளிப்புகளில் நின்றதால் அதன் அச்சு சுவரிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் முன்னால் இருந்தது. படத்தில் தெரிந்த 25.4-ஐ 175 ÷ 200 ஆல் பெருக்கினால் 22.2 வருகிறது. காகிதப் பட்டை சுற்றி அளக்கச் சொன்னேன், 70 மி.மீ. என்று பதில் வந்தது, 70 ÷ 3.14 = 22.3. விளிம்பில் பளபளப்பான பசைப் படலம் இருந்தது, உருகிய மோதிரம் இல்லை. எனவே 25 மி.மீ. பிபிஆர் என்ற வாய்ப்பும் போயிற்று. குழாயின் பின்பக்கத்தைக் கைப்பேசியின் முன்கேமராவால் எடுத்ததில் சிபிவிசி என்ற அச்சும் முக்கால் என்ற எண்ணும் பாதி தெரிந்தன. செப்பு அளவு வரிசையைச் சேர்ந்த சிபிவிசி முக்கால் என்று உறுதியாயிற்று. அவர் 25 மி.மீ. எல்போவை வாங்கியிருந்தால் குழாய் அதற்குள் தொளதொளவென்று ஆடியிருக்கும். இரும்புக் குழாய் அளவில் வரும் அரை அங்குலப் பிவிசி எல்போவை வாங்கியிருந்தால் நுழைந்தே இருக்காது.

அடுத்து மறுமுனை. எல்போவின் அந்த வாயில் பித்தளை மின்னியது; பிளாஸ்டிக்குக்குள் பதித்த உள்மரை. திருகியைக் கழற்றி மரையை அளந்ததில் 21 மி.மீ., அரை அங்குல நீளத்தில் ஏழு முகடுகள். அதாவது அரை அங்குலம். ஆகவே தேவை, ஒரு பக்கம் முக்கால் பசை வாயும் மறுபக்கம் அரை அங்குலப் பித்தளை உள்மரையும் கொண்ட எல்போ. இருபக்கமும் முக்கால் உள்ள சாதாரண எல்போவை வாங்கியிருந்தால் திருகியை மாட்ட வழியிருந்திருக்காது.

ஒட்டிய எல்போ திரும்ப வராது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். தள்ளி நின்று எடுத்த படத்தில் எல்போவுக்கும் முதல் கிளிப்புக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர் நேர்க்குழாய் தெரிந்தது. இந்த அளவில் குழாய் ஃபிட்டிங்குக்குள் சுமார் 18 மி.மீ. நுழையும் என்பதால், எல்போவை ஒட்டி வெட்டினாலும் மிச்சக் குழாயில், இரண்டு குழாய்களை நேராக இணைக்கும் ஒரு கப்ளரை ஏற்ற இடம் இருந்தது. திருகியின் உயரம் மாறாமலிருக்கக் கப்ளர், சிறு துண்டுக் குழாய், புதிய எல்போ என்று மூன்றும் சேர்ந்தன. கூடவே சிபிவிசிக்கென்று குறித்த சிமெண்ட். வீட்டில் மிச்சமிருந்த பிவிசி பசையை வெந்நீர்க் குழாயில் பூசவேண்டாம் என்று தனியாக எழுதினேன்.

பூசுவதற்கு முன் உலர்வாகச் செருகிப் பார்க்கச் சொன்னேன். பசை வாய்கள் உள்ளே போகப்போகச் சற்றுக் குறுகும்படி செய்யப்பட்டவை. சரியான குழாய் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் நின்றுவிடும். அவருடையது பாதியில் நின்றது.

கடைக்கு அனுப்பும் செய்தியில் படத்தோடு என்ன எழுதவேண்டும்?

பொருள், வெளிவிட்டம், இணைப்பு வகை, ஒவ்வொரு வாயின் அளவு, மரை இருந்தால் அது உள்மரையா வெளிமரையா என்பது. அளவை எப்படி எடுத்தீர்கள் என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்தால், எதிரே இருப்பவர் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தீர்மானித்துக்கொள்வார். மேலே சொன்னவர் கடைசியில் அனுப்பிய செய்தி இது:

‘சிபிவிசி எல்போ ஒன்று. ஒரு வாய் பசை வகை, குழாய் வெளிவிட்டம் 22.2 மி.மீ., பட்டை சுற்றி அளந்தது. மறுவாய் பித்தளை உள்மரை, அரை அங்குலம், திருகியின் மரை 21 மி.மீ. இதே குழாய்க்குக் கப்ளர் ஒன்று, அரை மீட்டர் குழாய், சிபிவிசி சிமெண்ட் சிறிய டப்பா. விளிம்பின் படமும் அச்செழுத்தின் படமும் இணைத்திருக்கிறேன்.’